வாஷர் கிடைக்குமா?

மருந்தடிக்க டேங்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் லிட்டரைத்தான் கேட்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்றால், 16 லிட்டர் டேங்கில் 13 நடை. 10 லிட்டரில் 20 நடை. நடை குறைவது லாபம்தான். ஆனால் நிரம்பிய 16 லிட்டர் டேங்க் முதுகில் ஏறக்குறைய 20 கிலோ. சேற்று வயலில் எல்லோராலும் சுமக்க முடியாது. என்னைக் கேட்டால், லிட்டரைவிட உதிரிபாகம் முக்கியம். கைப்பம்பில் சீக்கிரம் தேய்வது வாஷர். எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் ஏறவில்லையென்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வாஷரும் நாசிலும் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்காத டேங்க் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மண்வெட்டிக்கும் இதே கணக்குதான்: பிடி முறிந்தால் உள்ளூரிலேயே வேறு பிடி போட முடிய வேண்டும். பூச்சி விழுந்த வாரத்தில் பழுதான டேங்க், இல்லாத டேங்குதான்.