குவைத்தில் உறைபனிக்கு எதற்கு கிளைக்கால்?

இந்த வார எபிசோட்ல வெளியேறும் காற்றின் குளிர்ச்சியைத் திரும்பப் பிடிக்கிறதைப் பத்திப் பேசினோம். நேரம் போதாம விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறேன். இது என் சொந்தக் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தா மெயில் போடுங்க.

நான் இருக்கிறது அப்பாசியாவில். இதே குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானதை உலக வானிலை அமைப்பே உறுதிப்படுத்தியிருக்கு. இப்படிப்பட்ட ஊரில், ஒரு மருத்துவக் கட்டட வேலைக்கு வந்த ஸ்பெசிஃபிகேஷனில், ரன்-அரவுண்ட் காயில் லூப்பில் 30 சதவீதம் கிளைக்கால் ஊத்தணும், உறைபனியைத் தடுக்க மூவழி வால்வும் வைக்கணும்னு எழுதியிருந்தது. ஏதோ குளிர்நாட்டுத் திட்டத்திலிருந்து அப்படியே ஒட்டியது என்பது படிச்சவுடனே தெரிஞ்சது.

புதுசா வந்தவங்களுக்காக: வெளியேறும் காற்றின் டக்ட்டில் ஒரு காயில், உள்ளே வரும் வெளிக்காற்றின் டக்ட்டில் ஒரு காயில். இரண்டையும் பைப் இணைக்கும்; ஒரு பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும். இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, டக்ட்டுகள் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் மருத்துவமனையும் ஆய்வகமும் இதைத் தேர்ந்தெடுக்குது. விலையாகக் கொடுப்பது செயல்திறன். வெப்பம் இரண்டு காயிலைத் தாண்டணுமே!

காற்றும் தண்ணீரும் சமமான வெப்பக் கொள்ளளவோடு ஓடினா, மொத்தச் செயல்திறன் இப்படி வரும்:

1/ε = 1/ε1 + 1/ε2 − 1

ஒவ்வொரு காயிலும் 0.70 என்றால் மொத்தம் 0.54 தான். வெளியே 48, வெளியேறும் காற்று 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 24, அதில் 0.54 பங்கு, அதாவது 13 டிகிரி குறையும். ஆக வெளிக்காற்று 35 டிகிரியாக ஏர் ஹேண்ட்லருக்குப் போகும். விநாடிக்கு 2 கனமீட்டர் காற்றுக்கு இது ஏறக்குறைய 29 கிலோவாட், அதாவது 8 டன் ஏசி சுமை மிச்சம். ஆனா ஈரத்தை இது தொடாது. புழுக்கமான செப்டம்பரில் ஈரத்தின் சுமை முழுசும் சில்லர் தலையில்தான்.

இப்போ உறைபனிக்கு வருவோம். இதில் இரண்டு தனி ஆபத்து இருக்கு. ஒண்ணு, லூப்பில் உள்ள தண்ணீரே உறைவது, அதுக்குத்தான் கிளைக்கால். இன்னொண்ணு, வெளியேறும் காற்றின் ஈரம் எக்ஸாஸ்ட் காயிலின் தகடுகளில் பனியாகப் படிஞ்சு காற்றை அடைப்பது. அதுக்குத்தான் மூவழி வால்வு. அது குளிர்ந்த திரவத்தோடு சூடான திரவத்தைக் கலந்து, எக்ஸாஸ்ட் காயிலுக்குள் நுழையும் திரவத்தைப் பூஜ்ஜியத்துக்கு அருகிலேயே பிடிச்சு வைக்கும்.

நம்ம ஊரில் இது எப்போ தேவைப்படும்? அதே காயில்களை எடுத்துக்கோங்க, வெளியேறும் காற்று 22 டிகிரி. வெளியே 5 டிகிரி இருந்தா எக்ஸாஸ்ட் காயிலுக்குத் திரும்பும் தண்ணீர் கிட்டத்தட்ட 9 டிகிரி. வெளியே 0 என்றால் 5 டிகிரி. அந்தத் தண்ணீர் 0 டிகிரியைத் தொட, வெளியே மைனஸ் 6.6 ஆகணும். குவைத் நகரத்தில் அதுக்கு டிசைன் பண்ணத் தேவையில்லை. லே மாதிரி மைனஸ் 15 டிகிரியில் இதே கணக்கைப் போட்டா மைனஸ் 6.5 வரும், அங்கே வால்வும் கிளைக்காலும் இல்லாம முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாலைவனத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் அபூர்வ இரவில் பம்ப் நின்னு ஃபேன் மட்டும் ஓடினா சப்ளை காயில் உறையலாம். அதுக்கு ஒரு லோ-லிமிட் தெர்மோஸ்டாட் போதும். ஃபேனை நிறுத்தி டேம்பரை மூடிடும்.

"இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?"னு கேட்பீங்க. கிளைக்கால் கலவை தண்ணீரைவிடப் பிசுபிசுப்பானது, வெப்பத்தை மோசமாகக் கடத்தும். ஒவ்வொரு காயிலும் 0.70-லிருந்து 0.66 ஆக இறங்குதுன்னு வைங்க, மொத்தம் 0.54-லிருந்து 0.49 ஆயிடும். சப்ளை காற்று ஒரு டிகிரிக்கும் மேல சூடாகும், கோடை முழுக்க. பம்பும் கூடுதலா உழைக்கணும். வராத பனிக்குக் கட்டுற வரி இது. ஆனா வெறும் தண்ணீரை ஊத்திட்டு விட்டுடக் கூடாது. துருத்தடுப்பு மருந்து கட்டாயம், இல்லேன்னா காயில் உள்ளேயே அரிச்சுடும்.

அந்தப் பணத்தை நான் நாலு தெர்மாமீட்டரிலும், லூப்பின் உச்சியில் ஒரு நல்ல ஏர் வென்ட்டிலும் போடுவேன். வெளிக்காற்றிலிருந்து காயிலுக்குப் பிந்தைய காற்றைக் கழிச்சு, வெளிக்காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தா, இன்றைய ε கைக்கு வந்திடும். 0.54-க்குப் பதிலா 0.3 காட்டினா, முதல்ல லூப்பில் காற்று அடைச்சிருக்கான்னு பாருங்க. தூசிப்புயலுக்கு அடுத்த வாரம்னா ஃபில்டரைத் தாண்டி காயில் தகடுகளையும் பாருங்க.