‘பார்ப்போம்’: மறுப்பா, தவணையா?

பிள்ளை அனுமதி கேட்கிறது. பெற்றோர் ‘பார்ப்போம்’ என்கின்றனர். தமிழ்க் குடும்பங்களில் நாள்தோறும் நிகழும் இச்சிறு உரையாடல் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ‘பார்ப்போம்’ என்பது நயமாகச் சொல்லப்பட்ட மறுப்பே. அதனை உணராது மீண்டும் கேட்பது இங்கிதமின்மை என்பர் ஒருசாரார். அது வெறும் தவணை. பொறுத்திருந்தால் விடை வரும் என்பர் மறுசாரார். இவ்விரு கருத்துகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. பொருளைச் சொல்லினுள்ளே தேடுகின்றன. சொன்னவர் அதன்பின் என்ன செய்தார் என்பதை நோக்குவதில்லை.

யாழ்ப்பாணத்து வீடொன்றைக் கற்பனை செய்வோம். உயர்தர வகுப்பில் பயிலும் மகள் திங்கட்கிழமை இரவு தந்தையிடம் வருகிறாள். “அப்பா, பள்ளிக்கூடத்தாலை பொலனறுவைக்குச் சுற்றுலா போகினம். மூண்டு நாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் கடிதத்திலை கையெழுத்து வைச்சுக் குடுக்கவேணும்.” தந்தை பத்திரிகையிலிருந்து தலையை உயர்த்தாமலே, “பாப்பம் பிள்ளை” என்கிறார். புதன்கிழமை அவள் மீண்டும் கேட்கிறாள். “பாப்பமெண்டு சொன்னனான்தானே” என்பது விடை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். கடிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மாலையில் மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்க, அவர் சொல்கிறார்: “நான் போகவேண்டாமெண்டு சொல்லேல்லையே.”

அதே வீட்டில் சென்ற ஆண்டு மூத்த மகன் கொழும்பில் நண்பனின் தமையனது திருமணத்துக்குப் போக அனுமதி கேட்டான். “ஆரோடை போறாய்? எங்கை தங்கிறது? எப்ப திரும்புவாய்?” என்று மூன்று கேள்விகள் வந்தன. பின்னர், “சரி, பாப்பம்” என்றார் தந்தை. மறுநாள் பஸ் காசு கொடுத்தார். சொல் ஒன்றே, தந்தையும் ஒருவரே. மகனுக்குச் சொன்னது தவணை. மகளுக்குச் சொன்னது மறுப்பு.

இவ்வேறுபாட்டை அறிதற்கு உளநூல் தேவையில்லை. மூன்று அடையாளங்கள் போதும். முதலாவது, கேள்வி. தீர்மானிக்க எண்ணுபவருக்குத் தகவல் வேண்டும். ஆகவே அவர் வினவுவார். எதையும் வினவாத ‘பார்ப்போம்’ எதையும் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது, பார்க்கப்படும் பொருள். “சம்பளம் வரட்டும், பாப்பம்”, “மாமாவைக் கேட்டுப் பாப்பம்” என்னும்போது எது தடையென்பது தெரிகிறது. அது நீங்கியதும் மீண்டும் கேட்கலாம். தனித்து நிற்கும் ‘பார்ப்போம்’ அத்தகைய பிடியெதனையும் தருவதில்லை. மூன்றாவது, காலம். வெள்ளிக்கிழமையோடு முடியும் வேண்டுகோளுக்கு அதுவரை விடை சொல்லாதிருப்பதே ‘இல்லை’ என்று சொன்னதாகும். நாளே மறுத்துவிடுகிறது, தந்தை மறுக்கவேண்டியதில்லை. கெடு இல்லாத வேண்டுகோள்களில் இம்மூன்றாவது அடையாளம் உதவாது. சைக்கிள் கேட்ட பிள்ளைக்குச் சொல்லப்பட்ட ‘பார்ப்போம்’ ஆண்டுக்கணக்கில் தவணையாகவே நீளக்கூடும்.

சொல்லின் அமைப்பும் இதற்குத் துணைபோகின்றது. ‘பார்ப்போம்’ தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழ்ப் பெயரில் உண்டு. இன்றைய வழக்கில் ‘-ஓம்’ விகுதியில் அது தோன்றுவதில்லை. பெயர் தொக்கு நிற்கவே, ‘நாம் சேர்ந்து பார்ப்போம்’ எனப் பிள்ளை விளங்கிக்கொள்ளவும், ‘நாங்கள், பெரியவர்கள், பார்ப்போம்’ எனத் தந்தை கருதவும் இடமுண்டு. தீர்மானத்தில் தனக்கும் பங்குண்டு என்ற எண்ணத்தை ஒருவருக்கு அளித்துக்கொண்டே அவரை வெளியே நிறுத்த ஒரு விகுதி போதுமாகின்றது.

இதனை மரியாதை என்று வாதிடுவோர் உளர். பிள்ளையின் மனம் நோகாதிருக்கவே பெற்றோர் மென்மையாகப் பேசுகின்றனர் என்பது அவர்கள் கூற்று. பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978 இல் வெளியிட்ட மரியாதைமொழி பற்றிய ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்நாட்டுக் கிராமத் தமிழும் அவர்களது மூலாதாரங்களுள் ஒன்று. அவர்களது கணிப்பின்படி, பேசுபவரைவிடக் கேட்பவருக்கு அதிகாரம் கூடுந்தோறும் மென்மைப்படுத்தும் தேவையும் கூடும், குறையுந்தோறும் குறையும். அவ்வாறாயின் மகளிடம் பேசும் தந்தைக்கு ‘வேண்டாம்’ என்று நேரே சொல்லுவதே எளிது. “கதவைச் சாத்து”, “படி” என்றெல்லாம் அவர் நேரேதான் சொல்லுகிறார். இங்கு மட்டும் மென்மை எதற்கு?

விடை வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சிலேயே உள்ளது. சொல்லாமல் உணர்த்தப்பட்ட பொருளைப் பேசியவர் பின்னர் மறுத்துவிடலாம் என்பதை 1975 இல் வெளியான தமது கட்டுரையில் போல் கிறைஸ் எடுத்துக்காட்டினார். ‘வேண்டாம்’ என்று சொன்னவரிடம் ‘ஏன்’ என்று கேட்கலாம். ‘பார்ப்போம்’ என்றவரிடம் ‘ஏன் மறுத்தீர்கள்’ என்று கேட்க முடியாது. அவர் மறுக்கவே இல்லை. பெண்பிள்ளை இரவு வெளியே தங்கக்கூடாது என்பதே காரணமாயின், மகனை எவ்வாறு விட்டீர்கள் என்ற வினா அடுத்து எழும். அவ்வினா எழாதிருக்கவே ‘பார்ப்போம்’ பயன்படுகின்றது. மென்மை காப்பது பிள்ளையின் மனத்தையன்று. காரணம் கூறும் கடமையிலிருந்து சொல்பவரைக் காக்கின்றது.

எல்லாப் பெற்றோரையும் இக்குற்றச்சாட்டு சாராது. அதே வீட்டில் மகள் செவ்வாய்க்கிழமை தாயிடமும் கேட்டாள். “அப்பாவோடை கதைச்சுப் பாப்பம்” என்றாள் தாய். இதில் மறைப்பு எதுவுமில்லை. தீர்மானிக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்பதையே அவள் கூறினாள். கையில் காசில்லாத தகப்பன் அதனைப் பிள்ளைமுன் சொல்லக் கூசி ‘பார்ப்போம்’ என்பதும் உண்டு. ஆயின், இவர்களது ‘பார்ப்போம்’ நம்பப்படவேண்டுமாயின் மற்றவர்களது ‘பார்ப்போம்’ பொய்யாகாதிருத்தல் வேண்டும். மறுப்புக்கெல்லாம் அச்சொல்லை வழங்கிய வீட்டில், உண்மையாகவே காலம் வேண்டுபவர் அதனைக் கேட்க வேறு சொல் இல்லாது போகின்றது. பிள்ளைகளும் இரண்டிலொன்றைக் கற்கின்றனர்: கேளாமலே இருந்துவிடுவது, அல்லது சொல்லாமலே போய்விடுவது.

ஆதலால் இங்கிதம் பற்றிய உபதேசம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. அவர்கள் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: “எதைப் பாக்கவேணும் அப்பா? எப்ப சொல்லுவியள்?” இவற்றிற்கு விடை கிடைப்பின் அது தவணை. கோபம் மட்டுமே கிடைப்பின் அது மறுப்பு. வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் திங்கட்கிழமையே அது தெரிந்துவிடும். பெற்றோரிடம் கேட்பதும் அதிகமன்று. மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துபவர் மறுப்பைத் தம் வாயாலேயே சொல்லட்டும், காரணத்தையும் சொல்லட்டும். காரணம் சொல்லப்பட்ட மறுப்போடு ஒரு மகள் வாதாடலாம், தோற்கலாம், சிலவேளை வெல்லவும் கூடும். கையெழுத்தில்லாத கடிதத்தோடு எவரும் வாதாட முடியாது.