முதல் எண் யாருடையது?

வயதான அம்மா அப்பாவுக்கு அவசர எண்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் இப்போது பல வீடுகளில் வந்திருக்கிறது. போகிற இடங்களில் அந்த அட்டையை நின்று படித்துவிடுவது என் வழக்கம். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற வரிசைதான். மூத்த மகன், இளைய மகன், மகள், மாப்பிள்ளை, அப்புறம் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருந்தால் கடைசியில் இருக்கும். பல அட்டைகளில் அதுவும் இருக்காது.

மயிலாடுதுறையில் தனியாக இருக்கும் என் பெரியம்மா வீட்டு அட்டையும் அப்படித்தான் இருந்தது. அவருக்கு வயது 78. மூத்தவன் பெங்களூரில், இளையவன் கலிஃபோர்னியாவில், மகள் திருச்சியில். பேரன் அச்சடித்துக் கொடுத்தது. மேலே பிள்ளையார் படம், நீல எழுத்து, பளபளவென்று லேமினேஷன்.

ஒரு நாள் காலை பெரியம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. சுவரைப் பிடித்துத் நகர்ந்து நகர்ந்து கூடத்துக்கு வந்து லேண்ட்லைனை எடுத்தார். முதல் எண் மூத்தவனுடையது. அவன் மீட்டிங்கில் இருந்தான், போன் சைலன்டில் கிடந்தது. இரண்டாவது, கலிஃபோர்னியா. அந்த லேண்ட்லைனில் வெளிநாட்டு அழைப்பு வசதியே கிடையாது. மூன்றாவதாக மகள் எடுத்தாள். எடுத்து என்ன செய்ய? திருச்சியிலிருந்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டு எண் அவளிடம் இல்லை. சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் வேறொருவரைப் பிடித்து, கடைசியில் செல்வியிடம் செய்தி போய்ச் சேர்ந்தது. செல்வி அவ்வளவு நேரமும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் பெரியம்மா, செல்வியைக் கூப்பிட்டிருக்கலாமே?” என்று பிறகு கேட்டேன்.

“அட்டையில அவ பேர் இல்லையேடி” என்றார்.

விழுந்த அதிர்ச்சியில், வலியில், யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க வயதானவர்களால் முடியாது. அட்டையில் மேலிருந்து கீழாக என்ன இருக்கிறதோ அதையே செய்வார்கள். அட்டையின் வேலையே அந்த யோசனையை முன்கூட்டியே செய்து வைப்பதுதான். ஆகவே வரிசை போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி கேட்டால் போதும். இவர் எத்தனை நிமிடத்தில் வாசலில் வந்து நிற்பார்? பாசம், மூப்பு, யார் மனம் கோணும் என்பதெல்லாம் அட்டைக்கு வெளியே.

அப்படிப் பார்த்துப் பெரியம்மாவுக்குப் புது வரிசை போட்டோம். முதலில் செல்வி. அடுத்தது எதிர்வீட்டு வாத்தியார், செல்வி ஊரில் இல்லாத நாளுக்கு. மூன்றாவது 108. நான்காவது திருச்சி மகள். ஐந்தாவது டாக்டர். பெங்களூர் மகன் அதற்கும் கீழே. அமெரிக்காக்காரன் பெயரை எடுத்தே விட்டோம். அவனுக்குத் தங்கை சொல்லிக்கொள்வாள். நமக்கும் அவனுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இங்கே விடிகிற நேரத்தில் அவன் மாலை ட்ராஃபிக்கில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான்.

108 ஏன் முதலில் இல்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற சேவை, கட்டணம் இல்லை, மாவட்டம் முழுவதும் வண்டிகள் இருக்கின்றன. ஆனால் போனை எடுப்பவர் எந்த மாவட்டம், எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் அடையாளம் என்ன, என்ன ஆயிற்று, வயது என்ன என்று கேட்பார். கேட்டே ஆக வேண்டும், வண்டி வழி தெரிந்து வரவேண்டுமே. காது மந்தமான ஒருவர் வலியோடு இதற்கெல்லாம் பதில் சொல்வது சிரமம். செல்வி ஓடி வந்து அதே எண்ணை அழைத்தால் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்வாள், வண்டி தெருமுனைக்கு வந்ததும் போய்க் கையும் காட்டுவாள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை விழுந்துபோதல் என்றால் மட்டும் இந்த வரிசை மாறும். அதற்கு 108-தான் முதலில், செல்வி அடுத்து. இந்த ஒரு விதிவிலக்கை 108 எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். இதற்கு மேல் விதிவிலக்கு சேர்த்தால் அட்டை குழம்பிவிடும்.

அட்டையின் அடியில் பெரியம்மாவின் முழு முகவரியும், எந்தக் கோயிலுக்கு எதிர்ச் சந்து என்பதும் இருக்கிறது. “என் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாதா?” என்று கோபித்துக்கொண்டார். அது ஓடி வருகிறவர்களுக்கு. மூன்றாம் வீட்டுக் குடித்தனக்காரரோ வேலைக்கு வந்த பெண்ணோ போனைப் பிடித்திருந்தால், அவர்களுக்குக் கதவு எண் தெரியாது.

டாக்டரைக் கீழே தள்ளியதுதான் பெரிய சண்டை. பெரியம்மா தலைமுறைக்கு உடம்புக்கு என்றால் டாக்டர்தான் முதலில். ஆனால் அந்த டாக்டர் கிளினிக்கில் உட்காருவது மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அந்த எண்ணை எடுப்பது கம்பவுண்டர். விழுந்தவரைத் தூக்க டாக்டர் வரப்போவதில்லை. வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்பார். மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேனா, சுகர் இறங்குகிற மாதிரி இருக்கிறதே என்கிற சந்தேகங்களுக்குத்தான் அவர். அதனால் அவர் பெயரோடு நேரத்தையும் எழுதினோம். அட்டையில் “சுகர் டாக்டர்” என்றுதான் இருக்கிறது. பட்டங்களோடு முழுப் பெயர் போட்டால் பெரியம்மா அதில் அவரைத் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்கும் அப்படியே. வீட்டில் கூப்பிடும் பெயர், பக்கத்தில் வேற்றாளுக்குப் புரிவதற்காக உறவு: “குட்டி, மகள், திருச்சி”.

அட்டையின் பின்பக்கம் வந்தவர்கள் படிப்பதற்கு. என்ன நோய், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள். அவர்கள் தலையில் அடிபட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே மெதுவாகக் கசிகிற ரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

இனி அச்சு. ஏ4 தாளில், எண்கள் 60 பாயின்டில் அடித்தால் ஒவ்வொரு இலக்கமும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் வரும். பெயர் ஒரு வரி, எண் அடுத்த வரி என்று போட்டால் ஐந்தாறு பேருக்கு மேல் இடம் இருக்காது. அதற்கு மேல் தேவையும் இல்லை. கறுப்பு மை, வெள்ளைத் தாள். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளித்துப்போவதால் நீலம் மங்கித் தெரியும். பத்து இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். சேர்ந்தாற்போல் இருந்தால் பாதியில் கண் தவறி, அடித்த இலக்கத்தையே மறுபடி அடிப்பார்கள். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் நடு எண்கள் மறைந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் மேட் ஷீட் என்று கேட்டு வாங்கலாம். பிள்ளையார் படம் வேண்டாம். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை, மூலையில் ஒரு சுழி மட்டும் இருக்கிறது.

லேண்ட்லைன் இருக்கிற வீடுகளுக்கு இன்னொன்று. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய அட்டைகளில் அந்த 0 இல்லை. தவறாக அடித்துவிட்டோம் என்று நினைத்து வயதானவர்கள் அதே எண்ணையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். பூஜ்யத்தையும் எண்ணோடு சேர்த்தே அச்சடியுங்கள். செல்போனிலிருந்து 0 சேர்த்து அழைத்தாலும் போகும். 108-க்கு மட்டும் முன்னால் எதுவும் வேண்டாம்.

விழுந்து கிடப்பவருக்குச் சுவரில் உயரமாக மாட்டிய அட்டை தெரியாது. அதனால் ஒன்று போன் பக்கத்தில், இன்னொன்று கட்டில் மட்டத்தில், சிறிய பிரதி கைப்பையில். பட்டன் போனில் ஸ்பீடு டயல் வைக்கிறவர்கள் அட்டை வரிசையையே அதிலும் வையுங்கள். அழைப்பு வருகிற பக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். பிள்ளைகள் தங்கள் போனில் வீட்டு எண்ணை மட்டும் சைலன்டிலும் மணியடிக்கிற மாதிரி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் அந்த எண்ணுக்கு நட்சத்திரமிட்டு, தொந்தரவு செய்யாதே அமைப்பில் நட்சத்திரமிட்டவர்களுக்கு அனுமதி கொடுத்து, சைலன்டுக்குப் பதிலாக அந்த அமைப்பையே பயன்படுத்த வேண்டும். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் பக்கத்திலேயே எமர்ஜென்சி பைபாஸ் இருக்கிறது. பெங்களூர்க்காரன் இப்போது வைத்திருக்கிறான்.

அட்டையை ஒட்டியதும் பெரியம்மாவை மாலை விளக்கு வைத்த பிறகு, கண்ணாடி இல்லாமல், தானே எண்ணைப் பார்த்து அடிக்கச் சொன்னோம். செல்வியின் எண்ணில் இருந்த 3-ஐ 8 என்று படித்தார். வேறு எழுத்துருவில் மறுபடி அச்சடித்தோம்.

செல்வியிடம் முன்னதாகவே போய்க் கேட்டிருந்தோம். முதல் பெயராகப் போடுகிறோம், ராத்திரியிலும் அழைப்பு வரலாம், சம்மதமா என்று. கிரில் கேட் சாவியும் வாசல் கதவுச் சாவியும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவள் சொன்னாள்: “சாவி இருந்து என்ன அக்கா, அவங்கதான் ராத்திரி உள்தாழ்ப்பாள் போட்டுக்கிறாங்களே.”

சரிதான். உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்துவிட்டால் சாவியால் ஒன்றும் ஆகாது, கதவை உடைக்க வேண்டும். பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு பக்கமும் சாவியால் திறக்கிற நல்ல பூட்டு ஒன்று போட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு அட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை முதலில் எழுதுவதற்கு முன், அம்மா இரவில் எந்தத் தாழ்ப்பாளைப் போடுகிறார் என்று பார்த்துவிடுங்கள்.