அப்பத்தா முடிக்கு யார் சாயம் பூசினது?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச மேட்டர். போட்டோஷாப்ல ஒரு ஆளை மட்டும் தனியா கட் பண்ணி எடுத்து வேற பின்னணியில வைக்கிறோம் இல்லையா, அதைப் பத்தின பதிவு இது. (கட்அவுட்னதும் பால் ஊத்தற கட்அவுட்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும் :-))

அப்படி கட் பண்ணினா, பழைய பின்னணியோட கலர் முடி ஓரத்துல, தோள் ஓரத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டே வரும். அதை எடுக்க `Decontaminate Colors`னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. 2010ல சிஎஸ்5 வந்தப்போ `Refine Edge` பெட்டிக்குள்ள வந்தது. 2016லேர்ந்து `Select and Mask`ல இருக்கு. "அதை டிக் பண்ணி நூறுக்கு இழுத்து விடுங்க சார், சுத்தமாயிடும்"னு எனக்கு ஒரு பிளக்ஸ் கடைத் தம்பி சொல்லிக் கொடுத்தார். நானும் பல வருஷம் அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். அது தப்புன்னு எனக்குப் புரிய வச்சது எங்க அப்பத்தா.

அப்பத்தா இருந்தது பூம்பாறையில. கொடைக்கானல்லேர்ந்து மன்னவனூர் போற வழியில, குழந்தை வேலப்பர் கோவில் இருக்குற ஊர். படிப்படியா இறங்குற பூண்டு வயல் படத்தை எங்கயாவது பாத்திருப்பீங்க. (2019ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு விளையுற ஊர்கள்ல இதுவும் ஒண்ணு.) போன தடவை போனப்போ வயல் வரப்புல உக்கார வச்சு ஒரு படம் எடுத்தேன். தலை முழுக்க வெள்ளி முடி, காதுல பச்சைக்கல் தோடு, தோள்ல அரக்குக் கலர் சால்வை. பின்னாடி முழுக்க பூண்டுப் பச்சை. மேகம் மூடின வெளிச்சம். அதுதான் அப்பத்தாவோட கடைசிப் படம்னு அப்போ தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சட்டம் போட்டு வைக்க அந்தப் படம்தான் வேணும்னு அத்தை சொல்லிட்டாங்க. பின்னாடி வயல் வேணாம், வெளிர் நீலமா இருக்கட்டும்னாங்க. ராத்திரி உக்காந்து கட் பண்ணி, வழக்கம்போல டிக், வழக்கம்போல நூறு. பச்சை போச்சு. சந்தோஷமா வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பத்து நிமிஷத்துல அத்தை போன்.

"ஏண்டா தம்பி, எங்கம்மா முடிக்கு சாயம் பூசினியா?"

பெருசு பண்ணிப் பாத்தா நெத்தி ஓரத்து முடியெல்லாம் மாநிறமா இருக்கு. கழுத்துப் பக்கம் தொங்குற முடி அரக்காயிருக்கு. வாழ்நாள்ல தலைக்கு மருதாணிகூட வைக்காத மனுஷி! அத்தை கேட்டதுல கோபம் இல்லை, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

சரி, என்ன நடந்துச்சு?

முடி ஓரத்துல இருக்குற ஒரு புள்ளி முழுசா முடியும் இல்லை, முழுசா வயலும் இல்லை. ரெண்டும் கலந்த கலவை. கணக்கா எழுதினா இப்படி:

```
C = a*F + (1-a)*B
```

`C`ங்கிறது படத்துல தெரியுற கலர். `F` முடியோட அசல் கலர். `B` பின்னணி. `a`ங்கிறது அந்தப் புள்ளியில முடி எவ்வளவு பங்குங்கிறது. அப்பத்தா முடி சிவப்பு 220, பச்சை 215, நீலம் 210னு வச்சுக்குவோம். வயல் 90, 140, 60. முடியோட பங்கு 40 சதவீதம்னா கலவை 142, 170, 120. பளிச்சுன்னு பச்சை அடிக்கும்.

நாம மாஸ்க் போட்டு வெட்டும்போது என்ன பண்றோம்? "இந்தப் புள்ளி 40 சதவீதம்தான் தெரியணும்"னு சொல்றோம். ஆனா அந்தப் புள்ளியோட கலர் இன்னும் பழைய கலவைதான். 200, 210, 225ங்கிற வெளிர் நீலத்து மேல அதை வச்சா 177, 194, 183 வரும். நியாயமா வர வேண்டியது 208, 212, 219. அதாவது பச்சையா மட்டும் இல்லை, இருட்டாவும் இருக்கும். முடியைச் சுத்தி அழுக்குக் கோடு மாதிரி தெரியுறது இதுதான்.

ஆக மாஸ்க் மட்டும் போதாது, அந்தப் புள்ளியோட கலரையே முடி கலரா மாத்தணும். `Decontaminate Colors` பண்றது அதைத்தான். ஓரத்துல பாதி தேர்வான புள்ளிகளை எடுத்து, பக்கத்துல முழுசா தேர்வான புள்ளியோட கலரை அதுக்குப் பூசுது. இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை "பக்கத்துல". அது அழுக்கைக் கழுவுறது இல்லீங்க, பெயிண்ட் அடிக்குது. எந்த டப்பாவுல தொட்டு அடிக்கிறதுன்னு பக்கத்துல இருக்குறதைப் பாத்து முடிவு பண்ணுது. நெத்தி மேல பறக்குற ஒத்தை முடிக்குப் பக்கத்துல முழுசா தேர்வானது எது? நெத்தித் தோல். கழுத்து முடிக்கு? சால்வை. முடிஞ்சுது கதை.

உங்க படத்துல இது நடந்திருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. `Output To`ல `New Layer with Layer Mask` கொடுத்து வெளிய வாங்க. (டிக் பண்ணினாலே புது லேயராவோ புது பைலாவோதான் தரும். புள்ளியோட கலரையே மாத்துறதால அசல் லேயர்ல கை வைக்காது. அந்த அசலை அழிச்சிடாதீங்க.) அப்புறம் ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டு மாஸ்க் மேல கிளிக் பண்ணி அதை அணைங்க. ஓரத்துக்கு வெளிய கலர் இழுசி விட்ட மாதிரி தெரியும். முடி ஓரத்துல வெள்ளி இழுசல் இருந்தா சரி. தோல் கலரும் அரக்கும் இழுசியிருந்தா உங்க அத்தையும் போன் பண்ணுவாங்க.

அதனால என் கருத்து இதுதான். ஓரத்துல இருக்குற பொருளும் அதுக்குப் பக்கத்துல உள்ள இருக்குற பொருளும் ஒண்ணா இருந்தா மட்டும் அந்த டிக்கை நம்புங்க. சால்வை ஓரத்துக்கு உள்ளயும் சால்வைதான், அங்க அது அருமையா வேலை செய்யும். தலை உச்சியில, அடர்த்தியான முடிக்கு வெளிய பறக்குற முடிக்கும் பரவாயில்லை. நெத்தி, காது, கழுத்துப் பக்கம் நம்பாதீங்க. `Amount`ஐக் குறைச்சு சமாளிக்கலாம்னா, பாதி பச்சையும் பாதி தப்பான கலரும் சேந்து நிக்கும். அது சமாதானமே தவிர தீர்வு இல்லை.

ரெண்டாம் தடவை நான் பண்ணினது: முதல்ல டிக் இல்லாம வெறும் மாஸ்க்கோட வெளிய வந்தேன். அந்த லேயருக்கு மேல ஒரு காலி லேயர், ரெண்டுக்கும் நடுவுல ஆல்ட் கிளிக் பண்ணி கிளிப் பண்ணியாச்சு. இப்போ மேல என்ன பூசினாலும் கீழ இருக்குற மாஸ்க் அளவுக்குத்தான் தெரியும். உச்சி முடியில கலர் தொட்டுக்கிட்டு, நார்மல் மோட்ல, ஃப்ளோ 20 சதவீதம் வச்சு, நெத்தி ஓரத்து முடி மேல மட்டும் மெதுவா பூசினேன். மேல இருக்குற கணக்கைப் பாருங்க, `C` இருந்த இடத்துல `F`ஐ வைக்கிறோம், அவ்வளவுதான். டிக் பாக்ஸ் பண்ற அதே வேலை. ஒரே வித்தியாசம், எந்த டப்பான்னு சொல்றது நான்.

ரெண்டு எச்சரிக்கை. பிரஷ்ஷை `Color` மோட்ல வச்சுப் பூசச் சொல்லுவாங்க. பச்சை போகும், ஆனா இருட்டு போகாது, வெள்ளி முடிக்கு அது உதவாது. அடுத்து, ஒரே கலரை முழுசா அப்பினா பிளாஸ்டிக் விக் மாதிரி ஆயிடும். ஒவ்வொரு கத்தைக்கும் அதுக்குப் பக்கத்து முடியிலேர்ந்து புதுசா கலர் தொடுங்க. பூசின இடத்துல வெள்ளைப் புகை மாதிரி தெரிஞ்சா தப்பு கலர்ல இல்லை, மாஸ்க் வயலையும் சேத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். திரும்பப் போய் மாஸ்க்கைச் சரி பண்ணணும்.

இவ்வளவு பண்ணியும் தாடைக்குக் கீழ, காது ஓரத்துல இன்னும் லேசா பச்சை. அதுவும் ஓரத்துல இல்லை, நல்லா உள்ள தள்ளி. அது கலவைப் பச்சை இல்லை. வயல்ல பட்ட வெளிச்சம் திரும்பி அப்பத்தா மேல விழுந்த பச்சை. அந்தப் புள்ளியெல்லாம் முழுசா தேர்வானது. டிக் பாக்ஸ் அதைத் தொடவே தொடாது, நூறு வச்சாலும்தான். நிறைய பேர் இங்கதான் "வேலை செய்யலையே"ன்னு மாஸ்க்கை இன்னும் உள்ள தள்ளி முடியையே வெட்டிடறாங்க. அதுக்கு வேற மருந்து. `Hue/Saturation` லேயரைக் கிளிப் பண்ணி, `Greens`, `Yellows` ரெண்டுலயும் சாச்சுரேஷனைக் கொஞ்சமா குறைக்கணும். நான் பச்சையில 40 குறைச்சேன், மஞ்சள்ல 10தான். மஞ்சளை ரொம்ப குறைச்சா மாநிறத் தோல் செத்துப் போகும். உடனே பச்சைக்கல் தோடு சாம்பலாயிடுச்சு! அந்த லேயரோட மாஸ்க்ல தோடு மேல கறுப்பு பூசித் திரும்பக் கொண்டு வந்தேன்.

எல்லாம் சேத்து ஒண்ணரை மணி நேரம் கூட ஆச்சு. தினம் நாப்பது படம் பாக்குற பிளக்ஸ் கடையில இது முடியாது, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். கறுப்பு முடிக்காரர் படத்துல டிக் பாக்ஸ் தப்புப் பண்ணினா இருட்டுல பாதி மறைஞ்சு போகும். வெள்ளி முடியில மறைய இடமே இல்லை. நம்ம ஊர்ல இப்படி கட் பண்ணி சட்டத்துக்குப் போற படங்கள்ல பாதிக்கு மேல வெள்ளி முடிக்காரங்க படம்தானே?

திரும்ப அனுப்பினேன். அரைமணி நேரம் பதில் இல்லை. அப்புறம் அத்தை கிட்டேர்ந்து ஒரு வரி: "தோடு நல்லா தெரியுது."

பி.கு: தாடைக்குக் கீழ இருந்த பச்சையை முழுசா எடுக்கலை, கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன். அப்பத்தா வயல்ல உக்காந்திருந்ததுக்கு அந்தப் படத்துல மிச்சமிருக்குற ஒரே சாட்சி அதுதான்.