பெயரைத் தேடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் ஊர்களில் சிறார்களுக்கான தீனிய்யாத் முகாம்கள் அறிவிக்கப்படுகின்றன. படிவம் நிரப்பப்படுகிறது, கட்டணம் கைபேசி வழியாகவோ வங்கி வழியாகவோ செலுத்தப்படுகிறது. முகாம் நெருங்கும் வேளையில் குழுமத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: “கீழ்க்கண்டோரின் கட்டணம் வந்து சேரவில்லை. பிள்ளையின் பெயரில் பணம் அனுப்பாதவர்களின் பதிவு ரத்து செய்யப்படும்.”

இவ்வறிவிப்பை நாம் வன்மையாக மறுக்கிறோம். பணம் அனுப்பியவரின் பெயரும் வகுப்புக்கு வரும் பிள்ளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிறைவேற்றவே முடியாத நிபந்தனை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கட்டணம் அனுப்பும் வங்கிக் கணக்கு ஏது? வாப்பா வளைகுடாவில் இருப்பார். பணம் நாணய மாற்று நிறுவனத்தின் வழியாக வரும். வங்கி ஏட்டில் பல வேளைகளில் அந்நிறுவனத்தின் பெயரே இருக்கும். உம்மாவிடம் சாதாரணக் கைபேசிதான் உண்டு என்றால், மாமாவோ பக்கத்து வீட்டாரோ தம் கணக்கிலிருந்து அனுப்பிக் கொடுப்பார்கள். கடை வைத்திருப்பவர் கடைக் கணக்கிலிருந்து அனுப்புவார். இவர்களில் எவரும் தவறு செய்யவில்லை.

“சிறிய ஊர்தானே, எல்லாரையும் நமக்குத் தெரியும், பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்” என்பது நிர்வாகிகள் சிலரின் வாதம். சிறிய ஊரில்தான் அது பெரிதும் தவறும். ஒரே மஹல்லாவில் முஹம்மது இப்ராஹீம் எத்தனை பேர், பாத்திமா எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் முதலெழுத்துதான் உண்டு. அதுவும் படிவத்தில் பெயருக்கு முன்னும் வங்கியில் பெயருக்குப் பின்னும் நிற்கும். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். போதாக்குறைக்கு வங்கி ஏடு நீண்ட பெயரைப் பாதியில் வெட்டிவிடுகிறது. இத்தகைய பெயரை வைத்து ஒருவர் பணத்தை மற்றொருவர் கணக்கில் எழுதுவது எளிது. எழுதியதைப் பின்னர் கண்டறிவது கடினம்.

ஆகவே ஒரு பணவரவை ஒரு பதிவுடன் இணைக்கும் கயிறாகப் பெயரைக் கொள்ளக் கூடாது. அதற்கு எண்கள் உள்ளன. அவ்வெண்களை நிர்வாகம் பணம் வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். வந்த பின் தேடக் கூடாது.

முதல் எண் குடும்ப எண். பிள்ளைக்கு ஓர் எண் என்று கொடுத்தால் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே தொகையாகப் பணம் வரும்போது குழப்பம் நேரும். வீட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். கட்டணத்தின் பைசா இடத்தில் அந்த எண்ணையே வையுங்கள். இருபத்தேழாம் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள், தலைக்கு 1200 ரூபாய் என்றால், அவர்கள் அனுப்ப வேண்டிய தொகை 2400 ரூபாய் 27 பைசா. யூபிஐயிலும் வங்கிப் பரிமாற்றத்திலும் பைசா அனுப்ப இடமுண்டு. பெயர் எதுவாக இருந்தாலும் அந்த 27 ஏட்டில் வந்து நிற்கும். குறிப்புக் கட்டத்தில் K27 என்று எழுதச் சொல்வதும் நல்லதே. எனினும் அதை மட்டும் நம்ப இயலாது. பலர் அதை நிரப்புவதில்லை, சில வங்கி ஏடுகளில் அது தோன்றுவதுமில்லை. பைசா முறைக்கும் எல்லை உண்டு. தொண்ணூற்றொன்பது குடும்பங்களுக்கு மேல் அது செல்லாது, ரொக்கத்துக்குப் பயன்படாது, சிலர் முழு ரூபாயாக்கி அனுப்பிவிடுவார்கள்.

அவர்களுக்காகவே இரண்டாம் எண். யூபிஐ வழியாகச் செல்லும் ஒவ்வொரு பணத்துக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று உண்டு. அனுப்பியவர் கைபேசியிலும் பெற்றவரின் வங்கி ஏட்டிலும் அதே எண்தான் இருக்கும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. செயலிகள் தங்களுக்கென வேறோர் எண்ணையும் காட்டுகின்றன. போன்பேயில் T என்று தொடங்கும் நீண்ட எண் அத்தகையது. கூகுள் பேயில் Google transaction ID என்பது அத்தகையது. அவை வங்கி ஏட்டில் வாரா. ஆதலால் “பரிவர்த்தனை எண்ணை அனுப்புங்கள்” என்று பொதுவாகக் கேட்பது பயன் தராது. “UTR அல்லது UPI transaction ID என்ற இடத்தில் எழுத்துகள் இல்லாத பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், அதை அனுப்புங்கள்” என்று கேளுங்கள். நெஃப்ட் வழியாக வந்தால் அவ்வெண் எழுத்தும் இலக்கமும் கலந்து பதினாறு இடங்கள் கொண்டிருக்கும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. பெயரும் எண்களும் கற்பனையே. முகாமின் வங்கி ஏட்டில் மூன்று வரிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம்.

```
02-05  UPI/CR/512248306617/RAHMATH N/K27   2400.27
03-05  NEFT/EXCHANGE HOUSE                 2400.00
04-05  CASH DEPOSIT CDM                    1200.00
```

இருபத்தேழாம் படிவத்தில் ரஹ்மத் என்ற பெயரே இல்லை. இருந்தும் முதல் வரி ஐயத்துக்கு இடமின்றி அக்குடும்பத்துடையதே. பைசாவும் குறிப்பும் ஒன்றுக்கொன்று சாட்சி. ரஹ்மத் சிறிய தாயாரா, அண்டை வீட்டாரா என்று விசாரிக்க நிர்வாகத்துக்குத் தேவையுமில்லை, உரிமையுமில்லை.

இரண்டாம் வரியில் பைசாவும் இல்லை, குறிப்பும் இல்லை. 2400 ரூபாய் செலுத்த வேண்டிய குடும்பங்கள் இன்னும் மூன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றில் முப்பத்து மூன்றாம் குடும்பத்தின் தந்தை வெளிநாட்டில் இருக்கிறார். உடனே அவருடையது என்று எழுதிவிட மனம் விரையும். எழுதக் கூடாது, மற்ற இரு வீடுகளிலும் வெளிநாட்டு உறவினர் இருக்கலாம். அழைத்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். “மூன்றாம் தேதி 2400 ரூபாய் அனுப்பினீர்களா?” என்று கேட்டால், நல்லெண்ணத்துடனேயே மூன்று குடும்பங்களும் “ஆம்” என்று சொல்லக்கூடும். விடையை நாமே கேள்விக்குள் வைத்துவிட்டால், வரும் பதில் சாட்சியாகாது. “எந்த நாளில், எவ்வளவு, எதன் வழியாக அனுப்பினீர்கள்? ரசீதில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இடங்கள் என்ன?” என்று கேளுங்கள். வங்கி ஏட்டின் விவரத்தில் உள்ள முழு எண்ணுடன் அவர் சொல்வது ஒத்துவந்தால் மட்டுமே இணையுங்கள்.

மூன்றாம் வரி ரொக்கம் செலுத்தும் இயந்திரத்தில் போட்ட பணம். அதில் பெயரே இல்லை. இயந்திரம் கொடுத்த சீட்டில் நேரமும் இடமும் எண்ணும் இருக்கும். அச்சீட்டை வைத்திருப்பவரே உரியவர். சீட்டு தொலைந்துபோனால், எந்தக் கிளையில் எத்தனை மணிக்கு என்று அவர் சொல்வதை வங்கியில் காட்டிச் சரிபார்க்கலாம்.

“அவ்வளவு எதற்கு? திரைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதாதா?” என்று கேட்போருக்கு நமது மறுமொழி இது: கைபேசித் திரையின் படம் ஒருவர் சொல்லும் கூற்று, வங்கி ஏட்டின் வரிதான் சான்று. படத்தைத் திருத்த முடியும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். திருத்தாத படமும் ஏமாற்றும். “செயல்பாட்டில் உள்ளது” என்று காட்டிய பணம் பின்னர் தோல்வியுற்று அனுப்பியவருக்கே திரும்பியிருக்கலாம். ஒரே படத்தைத் தந்தையும் மாமாவும் தனித்தனியே அனுப்ப, இரண்டு தொண்டர்கள் அதை இரு குடும்பங்களுக்கு வரவு வைத்துவிடுவதும் உண்டு. எனவே படத்திலிருந்து எண்ணை மட்டும் எடுத்து ஏட்டில் தேடுங்கள். ஓர் எண்ணை ஒரு முறைக்கு மேல் இணைக்காதீர்கள். கணினி அட்டவணையில் அவ்வெண்கள் C நெடுவரிசையில் இருந்தால், இவ்வொரு வரி இரட்டிப்பைக் காட்டிவிடும்.

```
=COUNTIF(C:C,C2)>1
```

எண்களை ஒட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு இலக்கமும் 5.12E+11 என்று சுருங்கித் தோன்றும். எதையும் கண்ணால் ஒப்பிட இயலாது.

இத்தனைக்குப் பிறகும் சில வரிகள் உரியவர் தெரியாமல் எஞ்சும். இங்கேதான் நமது வாதம் கணக்கைத் தாண்டி அமானிதத்தைத் தொடுகிறது. “யாரும் கேட்கவில்லை; மதரஸா நிதியில் சேர்த்துவிடுவோம், நன்மைதானே” என்கிறார்கள். உரியவர் எந்த நிய்யத்துடன் கொடுத்தாரோ அதற்கே அது உரியது. கட்டணமாகக் கொடுத்ததைச் சதக்காவாக மாற்றும் அதிகாரம் பொருளாளருக்கு இல்லை. அப்பணத்தைத் தனித் தலைப்பில் நாளும் எண்ணும் குறித்து வையுங்கள்; பெயரையும் முழு எண்ணையும் மறைத்து, நாளையும் வழியையும் மட்டும் அறிவியுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள். “வேறோர் எண் தருகிறேன், அதில் போடுங்கள்” என்று கேட்பவர் உரியவர்தானா என்பது உங்களுக்குத் தெரியாது.

கட்டணம் செலுத்தாதோர் பட்டியலைக் குழுமத்தில் வெளியிடுவதை இதனுடன் வைத்துப் பாருங்கள். அப்பட்டியலில் இருப்பவர் செலுத்தாதவர் அல்லர். நிர்வாகம் இன்னும் இணைக்காதவர். எஞ்சிய வரிகள் ஏட்டில் இருக்கும் வரை, யார் கொடுக்கவில்லை என்று சொல்ல எவராலும் இயலாது. கைம்பெண் ஒருவர் அண்டை வீட்டாரிடம் ரொக்கத்தைக் கொடுத்து, அவர் கைபேசி வழியாக அனுப்பியிருப்பார். அவருடைய பிள்ளையின் பெயர் ஊரார் முன் பாக்கிப் பட்டியலில் நிற்கும். முகாம் வாசலில் அப்பிள்ளை நிறுத்தப்படும். அந்த மானக்கேட்டுக்கு ஈடு எதுவுமில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதை நம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். கற்பிக்கும் இடத்தின் கணக்கேடே ஊகத்தில் எழுதப்படலாகாது. இவ்வாண்டு முகாமுக்குப் படிவம் அச்சிடும் நிர்வாகங்கள் அதில் மூன்று கட்டங்களைச் சேர்க்கட்டும்: குடும்ப எண், பைசாவுடன் தொகை, பணம் எதன் வழியாக வரும் என்பது. அம்மூன்றும் இருந்தால் “யார் பெயரில் அனுப்பினீர்கள்?” என்ற கேள்வியே எழாது.