அம்மாவின் போனை மகன் பார்ப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். தாயார் அங்கே இருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மூன்று நாட்களாக மகன் கூப்பிடுகிறான், தாயார் எடுக்கவில்லை. ஏன்? போன் மணி அடிக்கவில்லை!

இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இன்று பல வீடுகளில் நடப்பதுதான் இது.

கடைசியில் தாயாரே மகனைக் கூப்பிட்டார். "சத்தத்தை முழுசாக வைத்திருக்கிறேன், தம்பி. பாட்டுக் கேட்கிறது. நீ கூப்பிட்டால் மட்டும் போன் ஊமையாகிவிடுகிறது" என்றார். மகன் இருபது நிமிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டான். தாயார் பதில் சொன்னார். ஆனால் கோளாறு பிடிபடவில்லை. தாயார் தவறாக எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எது என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் ஒரு வசதி வந்தது. வீடியோவில் பேசிக்கொண்டே, தன் போன் திரையை எதிரில் இருப்பவருக்குக் காட்டலாம். அம்மாவின் போனில் தெரிவது அப்படியே மகனின் போனிலும் தெரியும்.

திரையைக் காட்டுவது எப்படி?

கோளாறு யார் போனில் இருக்கிறதோ, அவர்தான் காட்ட வேண்டும். இங்கே தாயார்.

முதலில் வீடியோவில் பேச வேண்டும். முகம் தெரியாமல் பேசுகிற சாதாரண அழைப்பு போதாது. பேசும்போது திரையின் அடியில் சில படங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் போன் போன்ற சிறு கட்டமும் அம்புக்குறியும் இருக்கும். அதைத் தொட வேண்டும். அது கண்ணில் படவில்லை என்றால் மூன்று புள்ளிகளைத் தொட்டால் உள்ளே இருக்கும்.

உடனே போன் ஓர் எச்சரிக்கை காட்டும். 'உங்கள் திரையில் வருவது எல்லாம் அவருக்குத் தெரியும்' என்பது அதன் பொருள். சம்மதம் என்றால் தொடங்கலாம்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் இன்னொரு கேள்வி கேட்கும். ஒரே ஒரு செயலியை மட்டும் காட்டவா, முழுத் திரையையும் காட்டவா? முழுத் திரை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே செயலி என்று விட்டுவிட்டால், போனின் மற்ற பக்கங்கள் மகனுக்குத் தெரியாது.

அடுத்து, தாயார் வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வர வேண்டும். வந்ததும் மகனின் முகம் சிறிதாகிவிடும், அல்லது மறைந்துவிடும். "ஐயோ, கட்டாகிவிட்டதே!" என்று பலர் திரும்ப உள்ளே போய்விடுகிறார்கள். கட்டாகவில்லை. குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கோளாறு எங்கே?

தாயார் வெளியே வந்தார். மகன் திரையின் உச்சியைப் பார்த்தான். மணிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். அதற்குள் ஒரு கோடு. (சில போன்களில் இது பிறை நிலாவாக இருக்கும்.) தாயார் அதைத் தினமும் பார்த்திருப்பார். போனோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருப்பார்!

அதுதான் 'Do Not Disturb'. 'தொந்தரவு செய்யாதே' என்று அர்த்தம். அது விழித்திருந்தால் அழைப்பு வரும், மணி அடிக்காது. பாட்டு மட்டும் கேட்கும்.

"அம்மா, மேலிருந்து கீழே விரலால் இழு. இன்னொரு தடவை இழு. கலராக எரிகிற கட்டம் தெரிகிறதா? அதைத் தொடு" என்றான் மகன். கட்டம் அணைந்தது. வட்டக் குறியும் போய்விட்டது.

மகனால் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. தொடுவது தாயாரின் விரல். ஆகையால் 'அதைத் தொடு', 'இங்கே போ' என்றால் பயன் இல்லை. 'வலது மூலை', 'மேலிருந்து இரண்டாவது' என்று இடம் சொல்ல வேண்டும். படம் போய்ச் சேரச் சற்று நேரமும் ஆகும். ஒன்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிறகு திரை காட்டுவதை நிறுத்தி, அழைப்பையும் துண்டித்தார்கள். மகன் மறுபடி கூப்பிட்டான். மணி அடித்தது!

மறுநாள் காலை மீண்டும் ஊமை. இரண்டாம் முறை பார்த்தபோது காரணம் தெரிந்தது. அதே கட்டத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் நேர அட்டவணை வரும். இரவு பத்து மணிக்குத் தானே விழித்துக்கொள்ளும்படி யாரோ வைத்துவிட்டார்கள். பேரனின் கைவேலையாக இருக்கலாம்! அட்டவணையை அணைத்த பிறகுதான் கோளாறு தீர்ந்தது.

யாருக்குக் காட்டலாம்?

மகனுக்குத் தெரிவது வட்டக் குறி மட்டும் அல்ல. அந்த நேரத்தில் பாங்கிலிருந்து ஒரு முறைக் கடவு எண் வந்தால், அதுவும் திரையின் மேல் வரும், அவனும் படிக்கலாம். 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15 இந்த எண்ணை மறைக்கிறது. பழைய போன்கள் மறைக்காது. பல பாங்குச் செயலிகளைத் திறந்தால், எதிரில் இருப்பவருக்கு வெறும் கறுப்புத்தான் தெரியும். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. ஆனால் செயலியைத்தான் மறைக்கிறது. மேலே வந்து விழும் செய்தியை அல்ல.

திருடனுக்கு வேண்டியதும் அந்தச் செய்திதான். "பாங்கிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்கு முடங்கப்போகிறது. திரையைக் காட்டுங்கள், சரிசெய்கிறோம்" என்பான். திரையைக் காட்டியதும், அவன் தன் இடத்தில் இருந்தபடியே உங்கள் கணக்கில் கை வைப்பான். எண் உங்கள் போனுக்கு வரும், அவன் படித்துக்கொள்வான். நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை!

அறிமுகம் இல்லாத எண்ணுக்குத் திரையைக் காட்டப் போனால் எச்சரிக்கும் ஏற்பாட்டை 2025 அக்டோபரில் வாட்ஸ்அப் அறிவித்தது. எச்சரிக்கை வந்தும் 'சரி' என்று தொட்டுவிட்டால் அதனால் என்ன பயன்? தானாகக் கூப்பிட்டு 'திரையைக் காட்டு' என்பவரிடம் பேச்சை முறித்துவிடலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். மத்திய அரசின் உதவி எண் அது. தாமதம் கூடாது.

கூட்டத்தில் காட்டலாமா?

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் வீடியோவில் கூடுகிற வீடுகள் உண்டு. "அத்தை, இப்போதே திரையைக் காட்டுங்கள். பார்த்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம். அந்த அழைப்பில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் திரை தெரியும். அத்தையின் பாங்குச் செய்தியும் தெரியும்; மருமகளைப் பற்றி அவர் யாருக்கோ எழுதியதும் தெரியும்! நான்கு பேர் நான்கு யோசனை சொன்னால் அத்தையின் விரல் எங்கே போகும்? இந்த வேலைக்கு இருவர் போதும்.

கூட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு. 2018-ல் வாட்ஸ்அப்பில் நான்கு பேர்தான் சேர்ந்து பேச முடிந்தது. 2020-ல் ஊர் அடங்கிக் கிடந்தபோது எட்டாக்கினார்கள். இப்போது 32 பேர். கூப்பிடுபவரும் அதில் அடக்கம். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அதனால், "குழுவில் இருக்கிறேன், பேச்சில் ஏன் சேர முடியவில்லை?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். யாரும் ஒதுக்கவில்லை. இடம் நிரம்பிவிட்டது. ஒருவர் வெளியேறினால் அவர் உள்ளே வரலாம்.

நிச்சயதார்த்தத்தை வெளியூர்ச் சொந்தங்களுக்குக் காட்டுவோர் இதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு ஆட்களுக்கு அல்ல, போன்களுக்கு. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு போன்களில் சேர்ந்தால் நான்கு இடம் போகும். தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு போனை நிறுத்தி, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் ஓர் இடம்தான்.