நான்கு தெரிவுகளும் சரியாக இருக்கும்போது

மார்க்கெட்டிங் பாடத்தின் கொள்குறி வினாக்களில் அபத்தமான விடை அரிதாகவே தரப்படும். சந்தைப் பங்கு எவ்வளவு என்று கேட்டால், நான்கு தெரிவுகளில் ஒன்று சந்தைப் பங்காக இருக்கும். மற்ற மூன்றும் அதே தரவிலிருந்து ஒழுங்காகக் கணக்கிட்டுப் பெற்ற வேறு அளவுகளாக இருக்கும். கணக்கில் பிழையே செய்யாத மாணவர்கூட இங்கே மதிப்பெண்ணை இழக்க முடியும். அதனால்தான், தவறானதாகத் தோன்றுவதை அடித்துவிட்டு மிஞ்சியதைத் தேர்ந்தெடு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தரப்படும் உத்தி இந்தப் பாடத்தில் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறது. ஒவ்வொரு தெரிவும் எந்தக் கேள்விக்குச் சொந்தமானது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான நீக்கும் முறை.

யுஜிசி நெட் தேர்வின் இரண்டாம் தாளில் 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. மேலாண்மை, வணிகவியல் எழுதுபவர்களுக்கு மார்க்கெட்டிங் அதில் முக்கியமான பகுதி. அதற்குத் தயாராகிறவர்களிடம் பேசினால், நீளமான தெரிவைப் பார், ‘மேற்கண்ட அனைத்தும்’ இருந்தால் அதைப் பார், வினாவில் வந்த சொல் எந்தத் தெரிவில் திரும்ப வருகிறது என்று பார் என்ற அறிவுரைகளே முதலில் வருகின்றன. அசட்டையாக எழுதப்பட்ட வினாத்தாளில் இவை சில நேரம் பலிக்கும். நான்கு தெரிவுகளும் வெறும் சதவீதங்களாக இருந்தால் என்ன செய்வது? எண்ணுக்கு நீளமும் இல்லை, திரும்ப வரும் சொல்லும் இல்லை.

ஒரு வினாவை எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். ஓர் ஊரில் 10,000 குடும்பங்கள். சென்ற ஆண்டில் அவற்றில் 4,000 குடும்பங்கள் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் காபித்தூளை ஒருமுறையாவது வாங்கின. மொத்தம் விற்றவை 40,000 பாக்கெட்டுகள். ‘அ’ என்ற பிராண்டை வாங்கிய குடும்பங்கள் 1,000. அந்தப் பிராண்டில் விற்றவை 6,000 பாக்கெட்டுகள். ‘அ’ பிராண்டின் சந்தைப் பங்கு எவ்வளவு? தெரிவுகள்: 10, 15, 25, 40 சதவீதம்.

சந்தைப் பங்கு என்பது விற்பனையை விற்பனையால் வகுப்பது. 6,000 பாக்கெட்டை 40,000 பாக்கெட்டால் வகுத்தால் 15 சதவீதம். விடை கிடைத்துவிட்டது. ஆனால் படிக்க வேண்டிய பாடம் மற்ற மூன்று எண்களில்தான் இருக்கிறது.

40 எங்கிருந்து வந்தது? 4,000 குடும்பங்களை 10,000 குடும்பங்களால் வகுத்தால் வருவது அது. அதாவது இன்ஸ்டன்ட் காபி என்ற பொருளே இந்த ஊருக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதன் அளவு. இதுதான் சந்தை ஊடுருவல். 10 என்பது ‘அ’ பிராண்டின் ஊடுருவல்: 1,000 குடும்பங்கள், 10,000-இல். 25 என்பது ஊடுருவல் பங்கு: காபித்தூள் வாங்கும் 4,000 குடும்பங்களில் ‘அ’ பிராண்டை வாங்குபவை 1,000. நான்கும் பிழையற்ற கணக்குகள். நான்கிலும் பின்னத்தின் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் உட்கார்ந்திருப்பது யார் அல்லது எது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது ஒரே பழக்கத்தை. தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வினா கேட்கும் அளவில் கோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று முதலில் ஓரத்தில் எழுதுங்கள். பங்கு என்றால் மேலும் கீழும் பாக்கெட் அல்லது ரூபாய். ஊடுருவல் என்றால் மேலும் கீழும் ஆள் அல்லது குடும்பம். இந்த ஒரு வரி எழுதியதுமே, குடும்பங்களை எண்ணிப் பெற்ற 10, 25, 40 மூன்றும் பாக்கெட்டைக் கேட்கும் வினாவிலிருந்து தாமாக விலகிவிடும். வரையறையைக் கேட்கும் வினாவிலும் இதே சோதனைதான். ‘நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுப்பது’ என்று ஒரு தெரிவு இருந்தால், அதில் ‘நிறுவனம்’ என்ற சொல் இருப்பதாலேயே சந்தைப் பங்கு என்று பலர் மயங்குகிறார்கள். எண்ணப்படுவது ஆட்கள் என்று கவனித்தால் மயக்கம் தீர்ந்தது.

இந்த நான்கில் மாணவர்களை அதிகம் வீழ்த்தக்கூடியது 25. அதன் பெயரிலேயே ‘பங்கு’ இருக்கிறது. சந்தைக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்வதால் நியாயமாகவும் தோன்றுகிறது. வாங்குபவர்களில் கால் பங்கினர் ‘அ’ பிராண்டை வாங்கும்போது, விற்பனையில் ஏன் 15 சதவீதம் மட்டும்? ஏனென்றால் அந்த 1,000 குடும்பங்களும் ‘அ’ பிராண்டை மட்டுமே வாங்குவதில்லை. அவை ஆண்டில் மொத்தம் 12,000 பாக்கெட் காபித்தூள் வாங்கின என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியான 6,000 மட்டுமே ‘அ’. மறுபுறம், சராசரிக் குடும்பம் 10 பாக்கெட் வாங்கும் ஊரில் இவை 12 வாங்குகின்றன; அதாவது 1.2 மடங்கு. 25 சதவீதத்தைப் பாதியாக்கி 1.2-ஆல் பெருக்கினால் 15 வந்து நிற்கிறது. பார்ஃபிட், காலின்ஸ் என்ற இருவர் 1968-இல் நுகர்வோர் குழுத் தரவைக் கொண்டு பிராண்டின் பங்கை முன்கணிக்கப் பயன்படுத்திய சிந்தனை இது. ஊடுருவல், மறுபடி வாங்குவது, வாங்கும் அளவு என்ற மூன்றையும் பெருக்கினால்தான் பங்கு கிடைக்கும். ஊடுருவல் என்பது பங்கின் ஒரு காரணி. பங்கின் மறுபெயராக அதை நினைப்பவருக்கு 25-ஐ அடிக்கக் கை வராது.

எண்களே இல்லாத கூற்று வினாக்களுக்கு வேறொரு சோதனை வேண்டும். ‘சந்தை ஊடுருவல் அதிகமானால் நிறுவனத்தின் சந்தைப் பங்கும் அதிகமாகும்’ என்பது போன்ற கூற்று படிக்கும்போது உண்மைபோல் ஒலிக்கும். அதை எல்லைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். புதிய பொருள் ஒன்றை ஒரே நிறுவனம் விற்கிறது, நூறு வீட்டில் ஒரு வீடுதான் வாங்கியிருக்கிறது என்று கொள்வோம். ஊடுருவல் 1 சதவீதம், பங்கோ 100. இனி எல்லா வீடுகளிலும் இருக்கும் பற்பசையை எடுத்துக்கொண்டால் ஊடுருவல் கிட்டத்தட்ட முழுமை. அங்கே ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு ஒன்றிரண்டு சதவீதமாக இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கும் எந்தக் கூற்றும் இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று பிராண்டுகளுக்கு 50, 40, 30 சதவீதம் என்று தந்துவிட்டு இது எந்த அளவு என்று கேட்டால், கூட்டிப் பாருங்கள்: 120. சந்தைப் பங்குகளைக் கூட்டினால் 100-ஐத் தாண்டவே முடியாது. ஒரு பாக்கெட் ஒரு பிராண்டுக்குத்தான் சொந்தம். ஒரு குடும்பமோ இரண்டு, மூன்று பிராண்டுகளை வாங்கலாம், ஒவ்வொன்றின் கணக்கிலும் இடம்பெறலாம். எனவே இவை ஊடுருவலைச் சார்ந்த எண்கள். சூத்திரம் மறந்துபோனவரையும் இந்தக் கூட்டல் காப்பாற்றும்.

ஊடுருவல் என்ற சொல் அளவாக மட்டும் வருவதில்லை என்பது அடுத்த சிக்கல். இகோர் அன்சாஃப் 1957-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் சந்தை ஊடுருவல் என்பது ஓர் உத்தி: இருக்கும் பொருளை இருக்கும் சந்தையிலேயே கூடுதலாக விற்பது. புதிய பொருளைக் குறைந்த விலையில் இறக்கிச் சந்தையைப் பிடிக்கும் ஊடுருவல் விலையிடல் மூன்றாவது பொருள்; அதை 1950-இல் ஜோயல் டீன் விவரித்தார். ஒரு சோப்பு நிறுவனம் தன் பழைய சோப்பின் விலையைக் குறைத்து, விளம்பரத்தைக் கூட்டி, அதே நகரங்களில் அதிகம் விற்கிறது. இது எந்த உத்தி என்று வினா வந்தால், விலைக் குறைப்பைப் பார்த்தவுடன் ஊடுருவல் விலையிடல் என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பொருள் பழையது, சந்தை பழையது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டால் அன்சாஃபின் முதல் கட்டத்தில்தான் போய் நிற்கும். வினா சதவீதம் கேட்கிறதா, செயலைக் கேட்கிறதா, விலையைக் கேட்கிறதா என்று பார்த்தாலே தெரிவுகளில் பாதி குறைந்துவிடும்.

கழிவு மதிப்பெண் பற்றிய பயம் குறித்து ஒரு வார்த்தை. நெட் தேர்வில் எந்த வினாவையும் விடையளிக்காமல் விடுவதில் பொருளே இல்லை. சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழிவு என்ற இளநிலை க்யூட் தேர்வு முறையில், இரண்டு தெரிவுகளை நியாயமாக நீக்கிவிட்ட மாணவர் மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் சராசரியாக வினாவுக்கு 2 மதிப்பெண் பெறுவார். விட்டுவிட்டால் பூஜ்யம்.

இதுவரை சொன்னதெல்லாம் வினா ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும். அங்கேதான் என் ஆதங்கம். காபித்தூள் வினாவிலேயே, ‘அ’ பாக்கெட் 20 ரூபாய், மொத்தச் சந்தை மதிப்பு 6,00,000 ரூபாய் என்று ஒரு வரி கூடுதலாகத் தந்துவிட்டு, தெரிவுகளில் 15-ஐயும் 20-ஐயும் வைத்தால் என்னவாகும்? பாக்கெட் கணக்கில் பங்கு 15, ரூபாய் கணக்கில் 1,20,000-ஐ 6,00,000-ஆல் வகுக்க 20. எந்தக் கணக்கு என்று வினாவில் சொல்லாவிட்டால் இரண்டும் சரி. ‘மார்க்கெட் பெனட்ரேஷன்’ என்று மட்டும் கேட்டால் சிக்கல் இன்னும் மோசம். பொருள் வகையின் ஊடுருவலையே அந்தப் பெயரால் அழைக்கும் நூல்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை இலக்குச் சந்தையால் வகுப்பதே அது என்று சொல்லும் நூல்களும் உண்டு. 10, 40 இரண்டும் தெரிவுகளில் இருந்தால், நன்றாகப் படித்த மாணவர்தான் அதிகம் தவிப்பார். ஒரு நூலை மட்டும் மனப்பாடம் செய்தவர் தயங்காமல் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார். திறமையைப் பிரித்தறிய வேண்டிய வினா தலைகீழாக வேலை செய்கிறது.

இதைத் தவிர்க்க வினா எழுதுபவர் செய்ய வேண்டியது நான்கைந்து சொற்களைச் சேர்ப்பதுதான்: பிராண்டா பொருள் வகையா, எண்ணிக்கையா மதிப்பா, எந்தக் காலம். காலத்தைக் குறிப்பிடுவது சம்பிரதாயம் அல்ல. ஒரு மாதத்தில் ஒருமுறையாவது வாங்கிய குடும்பங்களைவிட ஓர் ஆண்டில் ஒருமுறையாவது வாங்கியவை குறைவாக இருக்கவே முடியாது என்பதால், காலம் நீள நீள ஊடுருவல் எண் உயரும். பங்குக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

தேர்வறையில் இத்தகைய வினாவைச் சந்திப்பவர் பிராண்டின் பெயர் வினாவில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் பிராண்டின் எண்ணையும், வராவிட்டால் பொருள் வகையின் எண்ணையும் தேர்ந்துவிட்டு நகர்வதே நல்லது. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது ‘என் விடையும் சரி’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வினா எந்தச் சொல்லை விட்டுவிட்டது, அதனால் எந்த இரண்டு பின்னங்கள் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன, ஒவ்வொன்றையும் எந்த நூல் எந்தப் பக்கத்தில் வரையறுக்கிறது என்று கணக்கோடு இணைத்து அனுப்ப வேண்டும்.